பிரிஜட் அக்கா இரண்டாம் முறை அனுப்பிய மெயில்

பிரிஜட் அக்காவைப் பற்றி எழுது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷம் வேலை வாங்கிவிட்டு ஒரு கேக்கை வெட்டி அனுப்பிவைத்த கம்பெனி அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாது. அதனால் நான் எழுதுகிறேன். அந்தக் கேக்கை வாங்கி வந்தவள் நான்தான். அந்தக் கேக் வெட்ட வேண்டி வந்ததற்குக் காரணங்களில் ஒன்றும் நான்தான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மழுப்பத் தோன்றும்.

என் பெயர் ரபியா. சிங்கப்பூர் ஆன்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் யாக்கூப் சாருக்கு நான் செக்ரட்டரி. நாங்கள் ஏழாவது மாடி. பிரிஜட் அக்காவின் டெலக்ஸ் அறை கீழ்த்தளத்தில், லாரி வந்து சாமான் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில். டெலக்ஸ் மிஷின் போடும் சத்தத்துக்கு மேல்மாடிக்காரர்கள் முகம் சுளித்ததால் கீழே தள்ளிவிட்டார்கள் என்று சொல்வார்கள். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "சத்தம் இருந்தாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்பார்.

அவருடைய அப்பா சூசைநாதன் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பப் போகிறார்கள் என்றதும் மகளைத் தட்டச்சுப் பள்ளிக்கு அனுப்பினார். அறுபத்தொன்பதில் அக்கா எங்கள் கம்பெனிக்கு வந்தார். வந்த நாளிலிருந்தே டெலக்ஸ் அறைதான். அற்புதராஜ் அண்ணனைக் கட்டிக்கொண்டு குவீன்ஸ்டவுனில் மூன்றறை வீட்டுக்குப் போனார். ஒரே மகள், பெயர் பெட்டி. எண்பத்தைந்தில் கப்பல் பட்டறையில் ஏணி சரிந்து அண்ணனுக்கு முதுகு போயிற்று. அதிலிருந்து அவர் வீட்டோடுதான். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அக்கா ஒருவர்தான்.

டெலக்ஸ் என்றால் என்னவென்று இப்போதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஆகவே சொல்கிறேன். இங்கே தட்டினால் ராட்டர்டாமில் ஒரு மிஷின் அதை அப்படியே அச்சடிக்கும். அனுப்புவதற்கு முன் ஒரு விசையை அழுத்தினால் அந்த மிஷின் தன் பெயரையும் நம்பரையும் தானாகச் சொல்லும். முடிந்த பிறகு இன்னொரு தரம் அழுத்த வேண்டும், இன்னொரு தரம் சொல்லும். அதற்கு ஆன்ஸர்பேக் என்று பெயர். முன்னும் பின்னும் ஆன்ஸர்பேக் வந்துவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தப் பக்கத்தில் ஆள் இருந்தாரா, தூங்கினாரா என்பதெல்லாம் அவர் பாடு. வரவில்லை என்று கோர்ட்டில்கூடச் சொல்ல முடியாது.

அக்காவுக்கு மூன்று விதிகள் உண்டு. செய்தியில் என்ன இருக்கிறது என்று ஆபரேட்டர் வாயைத் திறக்கக் கூடாது. ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பக் கூடாது. அனுப்பித்தான் தீர வேண்டுமென்றால் தலையிலேயே 'டூப்ளிகேட், முன்பு இன்ன தேதியில் அனுப்பியது' என்று போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கப்பலுக்குக் கேட்ட கயிறு இரண்டு பங்காக வந்து இறங்கிவிடும். மூன்றாவது, அர்ஜென்ட் என்ற வார்த்தை. கப்பலுக்கு ஆபத்து, மனுஷன் உயிர், இந்த இரண்டுக்குத்தான் அக்கா அந்த வார்த்தையைத் தட்டுவார்.

ஒரு டைரக்டர் ஹாங்காங்கில் தனக்கு ஹோட்டல் ரூம் போட அர்ஜென்ட் என்று எழுதிக்கொடுத்தாராம். அக்கா அந்த வார்த்தையை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அனுப்பியிருக்கிறார். டைரக்டர் இறங்கி வந்து கத்தினார். அக்கா எழுந்து நின்று, "சார், போன வாரம் ஒரு ஸீமன் சரக்கு இறக்குற ஹேட்ச் பள்ளத்துல விழுந்துட்டாரு. அதுக்கு நான் அர்ஜென்ட் போட்டேன். உங்க ரூமுக்கும் அதையே போட்டா, அடுத்த தடவை எவன் எழுந்து பாப்பான்?" என்று கேட்டாராம். டைரக்டர் லிஃப்ட் ஏறிப் போனார். இந்தக் கதையை எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்போம். சிரித்தோம், அவ்வளவுதான். அந்த விதி ஒருநாள் அவரையே கொண்டுபோய் எங்கே நிறுத்தும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எண்பத்தாறில் ஃபேக்ஸ் வந்தது. அடுத்த வருஷம் ஒவ்வொரு பிரிவுக்கும் பச்சை எழுத்து மினுங்கும் டெர்மினல் வந்தது. அதில் ஆபீஸுக்குள் ஒருவருக்கொருவர் மெயில் அனுப்பலாம். டெலக்ஸ் அறைக்கும் ஒரு டெர்மினல் கொடுத்தார்கள். அதிலிருந்து எது போனாலும் அனுப்பியவர் பெயர் 'டெலக்ஸ்' என்றுதான் விழும். உங்களுக்கு ஒரு டெலக்ஸ் வந்திருக்கிறது, தட்டில் இருக்கிறது என்று மேனேஜர்களுக்கு அக்கா அதில் அறிவிப்பு அனுப்புவார். ஒற்றை வரி. தலைப்பு என்ற கட்டத்தை அவர் நிரப்பியதே இல்லை. டெலக்ஸில் அப்படி ஒரு கட்டம் கிடையாதே!

எண்பத்தெட்டு ஜூலை ஐந்தாம் தேதி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு டெலக்ஸ் அறை மூடப்படும். கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டு ஆபரேட்டர் வேலை காலி. விரும்புகிற ஊழியர்கள் யாக்கூப் சாருக்கு மெயிலில் எழுதலாம். ஆகஸ்ட் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவர் இரண்டு பெயரைப் பர்ஸனல் பிரிவுக்குக் கொடுப்பார். அப்போது டெலக்ஸ் அறையில் இருந்ததே இரண்டு பேர். இன்னொருவர் காதர் மைதீன், ஓய்வு பெற மாசத்தை எண்ணிக்கொண்டிருந்தவர், அவருக்கு இது எதுவும் வேண்டியதில்லை. அக்காவுக்கு வேண்டும். நாற்பத்து மூன்று வயசு. வெளியே எவன் டெலக்ஸ் ஆபரேட்டரைத் தேடிக்கொண்டிருந்தான்?

அக்கா மறுநாள் காலையிலேயே எழுதி அனுப்பிவிட்டார். ஆனால் யாக்கூப் சார் அந்த வாரத் தொடக்கத்திலேயே ஹஜ்ஜுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். ஹஜ் முடித்து அப்படியே நாகூர்ப் பக்கம் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். கிளம்புகிற அன்று, "ரபியா, மெயிலுக்கு ஒரு ஆட்டோ ரிப்ளை போட்டு வச்சிடு" என்றார். என் கையால் நான்தான் தட்டினேன். 'நான் ஆகஸ்ட் ஒன்பது வரை விடுமுறையில் இருக்கிறேன். பத்தாம் தேதி ஆபீஸுக்கு வருவேன். உங்கள் மெயிலை வந்ததும் பார்ப்பேன். அர்ஜென்ட் என்றால் ரபியா, எக்ஸ்டென்ஷன் 714.' அவருக்கு யார் எதை அனுப்பினாலும் இந்த நாலு வரி உடனே திரும்பிப் போகும். மிஷினுக்குத் தேதி தெரியாது. போடு என்றால் போடும், யாராவது நிறுத்துகிற வரை போட்டுக்கொண்டே இருக்கும்.

அக்கா அனுப்பிய ஐந்தாவது விநாடியில் இந்தப் பதில் அவர் திரையில் விழுந்திருக்கிறது. அவர் அதை ஆன்ஸர்பேக் என்று எடுத்துக்கொண்டார். தன் கடிதத்தையும் பதிலையும் பிரிண்ட் எடுத்து, சேர்த்துப் பின் அடித்து ஃபைலில் வைத்தார். போய்ச் சேர்ந்தாயிற்று, இனி அவர் வந்து முடிவு சொல்வார் என்று இருந்துவிட்டார்.

ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேக்கா மார்க்கெட்டில் பார்த்தேன். ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வந்திருந்தார். கையில் கீரைக்கட்டு. எனக்கு ஆட்டிறைச்சிப் பை ஒரு கையில், அது வேறு சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே சிராங்கூன் ரோட்டில் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"ரபியா, ஒரு நிமிஷம்மா. உங்க சாருக்கு ஒரு மெயில் அனுப்புனேன். உடனே பதில் வந்துச்சு."

"யாரு, சாரா? அவரு மக்காவுலல்ல இருக்காரு! அது மிஷின் போடுற பதில்க்கா. நான் டைப் பண்ணி வச்சது."

"தெரியுது. ஆனா பதில் வந்தா அவருக்குப் போய்ச் சேந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"அவரு மெயில் பெட்டிக்குப் போயிருக்கு. அவரு இன்னும் பாக்கல. வந்து தொறந்தாத்தான் உண்டு. அதுக்குள்ள எத்தனை நூறு மெயில் சேந்திருக்குமோ, உங்களோடது அடியில கிடக்கும்."

அக்காவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். "அப்ப இன்னொரு தரம் அனுப்பணுமா?"

"அர்ஜென்டாக்கா? அர்ஜென்ட்னா எங்கிட்ட சொல்லுங்க, நானே எடுத்துப் பாக்குறேன்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். கீரைக்கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "சேச்சே. அர்ஜென்ட் எல்லாம் இல்லம்மா" என்றார்.

அந்த ஒரு கணத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. என்ன மெயில்க்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். டெலக்ஸ் அறை மூடப் போவது எனக்குத் தெரியும். அந்த நோட்டீஸைத் தட்டியதே நான்தான். ஆனால் வழக்கமான டெலக்ஸ் விஷயம் ஏதோ என்று நினைத்துவிட்டேன். அவரும் சொல்லவில்லை. ஊரார் செய்தியைப் பத்தொன்பது வருஷம் மூடி மூடி வைத்தவருக்குத் தன் செய்தியைத் திறந்து சொல்ல நா எழவில்லை போலிருக்கிறது.

நான் பெரிய மனுஷி மாதிரி யோசனை சொன்னேன். "இப்ப அனுப்பாதீங்க, அதுவும் கூட்டத்துல போய் விழும். பத்தாம் தேதியும் வேணாம். மொத நாள் அவரு தலை நிமிர மாட்டாரு. பதினொண்ணு, வியாழக்கிழமை காலையில அனுப்புங்க. மேலாப்புல நிக்கும், கண்ணுல படும்."

அதில் தப்பே இல்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இன்ன தேதியில் வருகிறேன் என்று சொன்னவருக்கு, வந்து ஒருநாள் மூச்சுவிட இடம் கொடுத்து அனுப்ப வேண்டும். அக்கா கோயிலில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் 'ஆக. 11 காலை' என்று எழுதிக்கொண்டார். ஹாரன் மறுபடி அடித்தது. நான் ஓடினேன்.

யாக்கூப் சார் சொன்னபடி பத்தாம் தேதி வந்தார். தேசிய தினம் முடிந்த மறுநாள். மொட்டைத் தலையில் முடி லேசாகத் தலைகாட்டியிருந்தது. ஆளாளுக்குப் பேரீச்சம்பழம், சின்னச் சின்னப் பாட்டிலில் ஜம்ஜம் தண்ணீர். ஏழாவது மாடி முழுக்க அவர் மேசையைச் சுற்றித்தான் நின்றது. அந்தக் கூட்டத்தில் ஆட்டோ ரிப்ளையை நிறுத்த வேண்டும் என்பதை நான் மறந்துபோனேன்.

மெயில் பெட்டியில் நானூற்றுச் சொச்சம். சார் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "நீயே பிரிச்சுக் குடு ரபியா. விண்ணப்பம் எல்லாம் தனியா, மத்தது தனியா" என்றார். நான் தலைப்பைப் பார்த்துத்தான் பிரித்தேன். 'அப்ளிகேஷன்', 'ஜாப்' என்று தலைப்பு போட்டவை பதினொன்று இருந்தன. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். 'டெலக்ஸ்' என்ற பெயரில் தலைப்பில்லாமல் ஒரு வரிசையே நின்றது. சார் எதையும் அழிக்க மாட்டார், ஜூன் மாசத்து அறிவிப்புகள் எல்லாம் அப்படியே கிடந்தன. ஜூலை ஆறாம் தேதியின் 'டெலக்ஸ்' அந்த வரிசையின் நடுவில் இருந்தது. நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் தங்கராஜு என் மேசைக்கு வந்தார். அக்கவுண்ட்ஸ்காரர், கேலி பேசாவிட்டால் சோறு இறங்காது. "என்னாங்க, உங்க சார் இன்னும் மக்காவுலதான் இருக்காராம்லா? மெயில் அனுப்புனா அப்படித்தான் சொல்லுது. உள்ள உக்காந்திருக்கிறது யாரு, ஜின்னு பூதமா?"

"அய்யோ, மறந்தே போயிட்டேன். மத்தியானம் எடுத்துடுறேன்."

மத்தியானம் எடுக்கவில்லை. அன்று மத்தியானம் நான் செய்தது வேறு. சாருக்கு மெயில் பெட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று புதிதாக வந்தவற்றைக் களைந்தேன். மேலாப்பில் ஒன்று நின்றது. 'டெலக்ஸ்'. தலைப்பில்லை. திறந்தால் முதல் வரி: 'டூப்ளிகேட். ஜூலை 6 அன்று அனுப்பியதன் நகல். முந்தையது கிடைத்திருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.' நகல்தானே, மூலம் எங்கேயாவது இருக்கும் என்று அழித்துவிட்டேன். இரண்டாவது வரியைப் படிக்கவில்லை. இப்படி ஒரு புத்தியை வைத்துக்கொண்டு நான் அக்காவுக்கு யோசனை சொல்லப் போனேன் பாருங்கள்.

கீழே அக்கா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. காலை பத்து மணிக்கு அவர் அனுப்பியதும் திரையில் அதே நாலு வரி விழுந்திருக்கிறது. விடுமுறையில் இருக்கிறேன், பத்தாம் தேதி வருவேன். தேதி பதினொன்று. வேறு யாராக இருந்தாலும் யாரோ நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டிருப்பார்கள், தங்கராஜு மாதிரி. அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. டெலக்ஸில் மிஷின் சொல்வதுதான் உண்மை. ஆன்ஸர்பேக் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. ஆக மனுஷன் இன்னும் வரவில்லை, பிளைட் தள்ளிப்போயிருக்கும், அவர்தானே பெயர் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக் கெடுவும் தள்ளிப்போயிருக்கும். இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார். கீழ்த்தளத்திலிருந்து ஏழாவது மாடி கண்ணில் படாது. சார் காலையில் கார் நிறுத்துமிடத்திலிருந்து நேரே லிஃப்டில் ஏறிவிடுவார்.

பதிலின் கடைசி வரியில் அர்ஜென்ட் என்றால் ரபியா என்று என் பெயரும் நம்பரும் இருந்தன. ஃபோன் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் என்னைக் கூப்பிடவில்லை. கப்பலுக்கு ஆபத்தில்லை, யாருக்கும் உயிர் போகவில்லை. அவர் வேலைதானே போகப்போகிறது!

வெள்ளிக்கிழமை மதியம் யாக்கூப் சார் பதினொரு தாளைப் படித்து இரண்டு பெயரைக் கொடுத்தார். ஸ்டோரிலிருந்து ஒரு பையன், பில்லிங்கிலிருந்து ஒருவர். டெலக்ஸ் அறையிலிருந்து யாரும் எழுதவில்லையா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். "இல்ல சார்" என்றேன். மனதறிந்து சொன்ன பொய் இல்லை அது. இல்லை என்றுதான் நம்பினேன்.

அடுத்த வியாழக்கிழமை, பதினெட்டாம் தேதி, பிரிஜட் அக்கா ஏழாவது மாடிக்கு வந்தார். அவர் மேலே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நல்ல புடவை கட்டியிருந்தார். கையில் ஒரு ஃபைல்.

"சாப்டியாம்மா?" என்றார். "தொந்தரவுக்கு மன்னிச்சிடு. யாக்கூப் சார் எப்பம்மா வர்றாரு? இன்னிக்குக் காலையில மறுபடி ஒண்ணு அனுப்பிப் பாத்தேன், இன்னும் லீவுன்னுதான் வருது."

நான் பதில் சொல்வதற்குள் அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போய்விட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சார் ஃபோனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மேசையில் பேரீச்சம்பழப் பெட்டி காலியாகக் கிடந்தது.

"எப்ப வந்தாரு?"

"பத்தாம் தேதிக்கா."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஃபைலைத் திறந்து என் மேசையில் வைத்தார். ஜூலை ஆறு, கடிதமும் பதிலும் பின் அடித்தது. ஆகஸ்ட் பதினொன்று, கடிதமும் பதிலும். பதினெட்டு, கடிதமும் பதிலும். மூன்று கடிதமும் ஒன்றுதான். 'பத்தொன்பது ஆண்டுகளாக இந்தக் கம்பெனியின் செய்திகளை ஒரு பிழையுமின்றிக் கையாண்டிருக்கிறேன். டெர்மினலைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டேன். எந்த ஷிஃப்டும் எனக்குச் சம்மதம்.' யா அல்லா, நான் அப்போதுதான் அதைப் படிக்கிறேன். 

"பேரு குடுத்துட்டாங்களா?"

"வெள்ளிக்கிழமையே குடுத்துட்டாங்கக்கா. அந்த மிஷின்... அது தப்பா பதில் போட்டுக்கிட்டே இருந்துடுச்சு."

மிஷினாம். என் நாக்கு அப்படித்தான் புரண்டது. அக்கா தாள்களை ஒழுங்காக அடுக்கினார். ஃபைலை மூடினார், நாற்காலியைத் தள்ளாமல் தூக்கி எடுத்து அதன் இடத்தில் வைத்தார், போய்விட்டார். அவர் போனதும் நான் செய்த முதல் காரியம் ஆட்டோ ரிப்ளையை நிறுத்தியது. ஒரே ஒரு விசை, இரண்டு விநாடிகூட ஆகவில்லை. எட்டு நாளாக எனக்கு அந்த இரண்டு விநாடி கிடைக்கவில்லை.

அழுதுகொண்டே சாரிடம் போய்ச் சொன்னேன். ஜூலை ஆறாம் தேதி மெயிலை வரிசையின் நடுவிலிருந்து தேடி எடுத்துக் காட்டினேன். அவர் நல்ல மனுஷர். இரண்டு முறை படித்தார். "இவங்கதான் ரபியா எனக்கு மொத பேரு. ஷிஃப்டுக்கு ஒத்துக்கிட்டு, தப்பில்லாம டைப் பண்ற ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றார். அப்போதே எழுந்து பர்ஸனலுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேருக்கும் கடிதம் கொடுத்தாயிற்று, அவர்களுடைய பழைய வேலைக்கு வேறு ஆளும் போட்டாயிற்று. மூன்றாவது இடம் கிடையாது. "ரெண்டாவது மெயில் மேல இருந்திருக்கணுமே, நான் எப்படிப் பாக்காம விட்டேன்?" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அதை அழித்தது நான் என்று அவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

ஆகஸ்ட் முப்பத்தொன்று, புதன்கிழமை, கீழ்த்தளத்தில் கேக் வெட்டினார்கள். பர்ஸனல் மேனேஜர் நாலு வார்த்தை பேசினார், அதில் இரண்டு முறை அக்காவின் பெயரைத் தப்பாகச் சொன்னார். காதர் மைதீன் ஒரு துண்டு கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். அக்கா கடைசியாக ராட்டர்டாமுக்கு ஒரு செய்தி அனுப்பினார். இந்த நம்பர் இன்றோடு மூடப்படுகிறது, இனி ஃபேக்ஸில் தொடர்புகொள்ளவும். முடித்ததும் விசையை அழுத்தினார். ஆன்ஸர்பேக் வந்தது. பின் அடித்து ஃபைலில் வைத்துவிட்டு, ஃபைலைப் பர்ஸனல் மேனேஜர் கையில் கொடுத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தஞ்சோங் பகார் எம்ஆர்டிக்கு நடந்து போனார்.

ஒரு வருஷம் நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவை விட்டு கேலாங் மார்க்கெட்டுக்குப் போனேன். எண்பத்தொன்பது தீபாவளிக்கு முந்தின வாரம் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடைக்குப் போக வேண்டி வந்தது. மாடியில் சாமான் அறை. பில் போடுகிற பெண் ஒரு புடவைக்கு விலைச்சீட்டு இல்லை என்று என்னை மேலே அனுப்பினாள். அங்கே தரையில் பாய் போட்டு பிரிஜட் அக்கா உட்கார்ந்திருந்தார். புடவைகளுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை அந்த வேலை, தீபாவளி வரைக்கும்தானாம், அதன் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். மகள் பெட்டி ஓ-லெவல் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜூரோங்கில் ஃபேக்டரிக்குப் போகிறாள். நன்றாகப் படிக்கிற பெண். இதையெல்லாம் அக்கா வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

நான் அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். நாலைந்து புடவைக்குச் சீட்டுக் குத்திவிட்டு, தலை நிமிராமலேயே கேட்டார்.

"ரபியா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த ரெண்டாவது மெயில். நீ சொன்ன தேதிக்குத்தான் அனுப்புனேன். டூப்ளிகேட்னு தலையில போட்டது தப்பாம்மா? அதைப் பாத்துட்டு ஒதுக்கிட்டாரோன்னு எனக்கு இந்த ஒரு வருஷமா மனசு அடிச்சுக்குது. பெட்டியோட அப்பாகூடச் சொல்றாரு, நீயேதான் உன் கழுத்தை அறுத்துக்கிட்டேன்னு. அதை அவரு படிச்சாரா?"

படிக்கவில்லை அக்கா. நான்தான் அழித்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாலே வார்த்தை. 

"படிச்சாருக்கா" என்றேன். "முழுசாப் படிச்சாரு."

அக்காவின் கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த புடவையையே பார்த்தார். முகத்தில் முதலில் நிம்மதிதான் வந்தது. பிறகு அது மெல்ல மெல்ல வேறாக மாறியது.

"படிச்சுட்டுத்தான் வேணாம்னாரா" என்றார். "அப்பச் சரி. போய்ச் சேந்துடுச்சு. நான் அனுப்புனதுல தப்பில்ல. எனக்கு வேலை தெரியாதுன்னு நெனைச்சிருக்காரு, அவ்வளவுதானே."

அவர்தான் சாருக்கு முதல் பெயராக இருந்திருப்பார் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் பிறகு ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி வரும், அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் நான்தான் அழித்தேன் என்பது. அக்கா என் கையிலிருந்த புடவையை வாங்கி, ஓரத்தை நீவி, சீட்டைக் குத்தி, பத்திரமாக மடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.